சிட்அவுட்டில் நின்றுபோன படம்

நான் எழுதிப் பழகியவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்னமும் தடுமாறும். ஓர்மையும் முன்புபோல இல்லை. காலையில் வைத்த சாவியை மத்தியானம் தேடுகிறேன். முன்னால் வரவேண்டியது பின்னால் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு மறக்கவில்லை. மறந்தால் போதும் என்று ஜெபம்கூடச் செய்து பார்த்துவிட்டேன்.

எங்கள் வீடு நெய்யூர்ப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறது. முன்னால் கம்பி அழி போட்ட சிட்அவுட் வராந்தா, அதற்கு உள்ளே ஹால், அதற்கும் பின்னால் சமையற்கட்டு. வீட்டுக்காரர் போன பிறகு நானும் மகளும் மட்டும். மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். மகள் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. நான் இருபத்தாறு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆபீஸில், கொட்டை உடைத்தவள். நூறு பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டே உடைப்பார்கள். நான் உடைத்துக்கொண்டு மட்டும் இருப்பேன். எடை போடுகிறவர் என் கூடையை இன்னொருத்தி பேரில் எழுதியபோதும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

மகன் லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு புதுப் போன் வாங்கித் தந்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். நமக்கு மூன்று மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. காற்றுக்காக நான் சிட்அவுட்டில் போய் உட்கார்ந்து பேசுவேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் படம் நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி அப்படியே இருப்பான். பிறகு வட்டம் சுற்றும். பிறகு கட் ஆகிவிடும். மூன்று நான்கு வாரம் இப்படியே ஆனது. அவனுக்கு அம்மாவிடம் பேச அலுத்துவிட்டது, அதனால்தான் அணைத்துவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அவன் கூப்பிட்டும் எடுக்கவே இல்லை.

ரீசார்ஜ் செய்யப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. கடை வைத்திருப்பவள் நாற்பது வயதுக்காரி. அவள் வீட்டுக்காரரும் கல்ஃபில்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மா, மகன்ட்ட சண்டையா?" என்று கேட்டாள். கடையில் வேறு ஆள் இல்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அவன் அணைக்கல்ல அம்மா. வீட்டுல எங்க இருந்து பேசுவிய?"

"சிட்அவுட்டுல."

"சமையக்கட்டுல இருந்து பேசினா நிக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை அடுப்பில் பால் வைத்திருந்ததால் அங்கேயே நின்று பேசினேன். அன்றைக்கு ஒரு தடங்கலும் இல்லை.

"அதான்," என்றாள். "இந்த போனு அஞ்சு ஜியும் பிடிக்கும், நாலு ஜியும் பிடிக்கும். உங்க வீட்டு முன்பக்கம் அஞ்சு லேசா எட்டிப் பாக்குது போல. இது உடனே நாலை விட்டுட்டு அஞ்சைப் பிடிக்கப் போவும். அங்க பலம் காணாது. திரும்ப நாலுக்கு வரும். பிறகும் போவும். பஸ் மாறி ஏறுற மாதிரி கேட்டியளா? இறங்கி அடுத்த பஸ்ஸுல ஏறுறது வரைக்கும் ரோட்டுலதானே நிப்பிய? அந்த நேரம்தான் உங்க மகன் வாயைத் தொறந்துட்டு நிக்கிறது. சமையக்கட்டுக்கு அஞ்சு எட்டாது. அதனால அங்க நாலுலயே கிடக்கும்."

போனை வாங்கி என் கண்ணுக்கு முன்னாலேயே செய்து காட்டினாள். செட்டிங்ஸ், அதில் சிம், அதில் நெட்வொர்க் வகை. அஞ்சு ஜி என்று புள்ளி வைத்திருந்த இடத்தை விட்டு நாலு ஜி என்ற இடத்தில் புள்ளி வைத்தாள். "இனி அஞ்சைத் தேடிப் போவாது. வேகம் கொஞ்சம் கொறையும்தான். ஆனா வீடியோவுக்கு அது தாராளம். அறுந்து போவாது."

அன்று சாயங்காலம் சிட்அவுட்டில் உட்கார்ந்து நானே அவனைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவன் பல்லில் கீரை ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. இத்தனை நாள் அவனைத் தப்பாக நினைத்ததை நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து மகளுக்கு அந்த இடம் வந்தது.

எத்தனையோ பேர் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். சாயா குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், போவார்கள். மகள் எதற்கும் முகம் கொடுத்ததில்லை. இந்த மாப்பிள்ளையை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. திங்கள்சந்தைப் பக்கத்துக்காரர், அவரும் வாத்தியார். இரண்டு பேரும் சபை வளாகத்தில் வைத்து அரை மணி நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது மகள் ஆட்டோவில் தன்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய தாய்மாமன்தான் எல்லாம். அந்த மனிதருக்கு ஒரு சந்தேகம். என் மகன் தன்னோடு குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவனைத் தங்கைக்குப் பார்த்து வைத்திருந்தான். அது ஊரில் அடிபட்ட பேச்சு. மகள் வேண்டாம் என்றதும் அவன் விட்டுவிட்டான். ஆனால் மாமனுக்குச் சந்தேகம் விடவில்லை. "அண்ணன்காரனுக்கு மனசு இருக்கான்னு எனக்கு அவன் முகத்தப் பாத்துக் கேக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் இரண்டு வீட்டிலும் முறை அதுதான். உறுதி வைக்கிற அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "பெண்ணைத் தர சம்மதமா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். அவர் "சம்மதம்" என்பார். அதற்குப் பிறகுதான் போதகர் ஜெபம் செய்து நாள் குறிப்பார். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்ல வேண்டும். அவனுக்கோ லீவு கிடையாது. அதனால் வீடியோவில் கேட்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. அவனுடைய சாப்பாட்டு நேரம் அரை மணிக்கூர்தான்.

அன்று காலையில் ஆராதனை முடிந்து என் கொழுந்தன் வந்தார். வீட்டுக்காரரின் தம்பி. வீட்டுக் காரியங்களை எல்லாம் அவர்தான் முன்னால் நின்று நடத்துவார். சட்டைப் பையில் புதுப் போன், பெரியது, பாதி வெளியே நீட்டிக்கொண்டு. இதில்தான் பேசப்போகிறோம் என்று எடுத்துக் காட்டினார். வேறு யாரும் இல்லாததால் நான் தைரியமாகச் சொன்னேன்.

"சிட்அவுட்டுல அஞ்சு வந்து வந்து போவும். படம் நிக்கும். என் போனுல நாலுல நிறுத்தி வச்சிருக்கு. அதுல பேசலாமே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மைனி, ஊரெல்லாம் நாலுலேருந்து அஞ்சுக்குப் போவுது. நீங்க அஞ்சுலேருந்து நாலுக்குப் போறிய. இது அண்டி ஆபீசுல படிச்சுக் குடுத்த பாடமா?" என்றார். பக்கத்து அறையில் அவர் மனைவி சிரித்தாள். "நீங்க சாயாவப் பாருங்க. போனை நான் பாத்துக்கிடுதேன்."

அதோடு நான் அடங்கிவிட்டேன். மகளிடமும் சொல்லவில்லை. அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

இரண்டே முக்காலுக்கு வந்தார்கள். எட்டுப் பேர். மாமனுக்கு மூட்டுவலி, படி ஏறியதும் சிட்அவுட்டிலேயே அழி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனி எழும்ப மாட்டேன் என்றார். பெண்கள் ஹாலில். கொழுந்தன் ஹாலுக்கு உள்ளே, போதகருக்குப் பக்கத்தில். நான் ஹாலின் மூலையில். என் போன் மடியில், முந்தானைக்கு அடியில் இருந்தது. மகள் உள் அறையில் கதவுக்குப் பின்னால்.

மூன்று மணிக்குக் கொழுந்தன் கூப்பிட்டார். மகன் உடனே வந்தான். கம்பெனி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். குளித்துத் தலை சீவி, அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "சித்தப்பா, சோறு தின்னாச்சா? அம்மா எங்க, மூலையில ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். போதகருக்குத் தோத்திரம் சொன்னான்.

கொழுந்தன் எழுந்து போனைச் சிட்அவுட்டுக்குக் கொண்டுபோய் மாமன் கையில் கொடுத்தார்.

மாமன் தொண்டையைச் செருமினார். "மக்கா, ஒரு காரியம் கேக்கணும். உன் தங்கச்சிய எங்களுக்குத் தர ஒனக்குச் சம்மதமா?"

படம் நின்றிருந்தது. வட்டம் சுற்றியது. கட் ஆனது.

"இப்பம் வரும், இப்பம் வரும்" என்று கொழுந்தன் வாங்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்து மறுபடியும் கூப்பிட்டார். மகன் தெளிவாக வந்தான். "என்னாச்சு சித்தப்பா? அவிய பேச ஆரம்பிச்சாவ, ஒண்ணும் கேக்கல்ல."

மறுபடியும் சிட்அவுட். மறுபடியும் மாமன் கேட்டார், இந்தத் தடவை சத்தமாக. மகன் ஒரு கண்ணை மூடி, தலையைத் திருப்பினபடி நின்றுபோனான். வெயிலுக்குக் கண்ணை இடுக்கியிருப்பான். ஆனால் பார்க்க, வேண்டாத பேச்சைக் கேட்டு முகத்தைத் திருப்பியவன் மாதிரி இருந்தது. மாமன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்.

கொழுந்தன் திரும்ப ஹாலுக்குக் கொண்டுவந்தார். திரும்பவும் மகன் கலகலவென்று பேசினான். மாமன் உட்கார்ந்த இடத்திலிருந்து அதைக் கேட்டார்.

"அதென்ன ஓய்," என்றார், "அவன் ஆளுவள்ட்ட பேசும்போ நெட்டு நல்லா ஓடுது. எங்கிட்ட வரும்போ மட்டும் செத்துப் போவுதே?"

யாரோ சிரித்தார்கள். அது சிரிப்பு இல்லை.

கொழுந்தனுக்கு முகம் கறுத்தது. "அஞ்சு ஜிதான் காட்டுது, ஃபுல் ஸ்பீடு" என்று போனின் மூலையைக் காட்டினார். சிட்அவுட்டிலேயே அங்கும் இங்கும் நடந்து, அஞ்சு தெரிகிற இடம் தேடி, அழியை ஒட்டிப் போய் நின்றார். எந்த இடத்தில் நிற்கக் கூடாதோ அந்த இடத்தில். எனக்கு அது தெரியும். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். மடியில் இருந்த போனை எடுத்து, மகன் பேரைத் தொட்டு, அந்த மனிதர் கையில் கொடுத்தால் போதும்.

நான் எழுந்தேன். அதைச் சொல்லிக்கொள்ளலாம், எழுந்தேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிட்அவுட் வாசல்வரை போனேன். ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "என்ன மைனி, என்னவும் சொல்லணுமா?" என்று நல்ல முறையில்தான் கேட்டாள்.

"சாயா எடுக்கட்டா?" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"பிறவு ஆவட்டும்" என்றார் மாமன், என்னைப் பார்க்காமல். நான் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தேன். போனை மறுபடியும் முந்தானைக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாவது தடவை கேட்டபோது மாமன் சம்மதமா என்று கேட்கவில்லை. "தம்பி, இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிரணும், இப்பிடி அணைச்சு அணைச்சு விளையாடப்பிடாது" என்றார். அதில் பாதி அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவனும் கோபக்காரன்தான். "யார் விளையா" என்றதோடு அவனும் நின்றான்.

அதன்பிறகு கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து, மேற்பார்வைக்காரன் வந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் அது தெரியாது. எடுக்காததும் ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டார்கள். போதகர் பொதுவாக ஒரு ஜெபம் செய்தார். நாள் குறிக்கவில்லை. சாயாவை நான் கொண்டுவந்தபோது மாமன் தம்ளரைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று எழுந்து போனார்கள். மாப்பிள்ளை மட்டும் கேட்டுக்கு அருகில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராத்திரி மகன் விவரம் அறிந்து துடித்துப்போனான். மாமனின் நம்பர் வாங்கிக் கூப்பிட்டான். "இப்பம் மட்டும் லைன் கெடைக்குதோ?" என்று கேட்டு அவர் வைத்துவிட்டாராம். புதன்கிழமை இடையில் நின்ற ஆள் வந்து சொன்னார்: அண்ணனுக்கு மனசில்லாத இடத்தில் பெண்ணெடுக்க மாட்டார்களாம். மாப்பிள்ளையாவது எதிர்த்துப் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவரும் என்னை மாதிரித்தான் போலிருக்கிறது. நாலு மாதத்தில் மார்த்தாண்டம் பக்கம் அவருக்குக் கல்யாணம் நடந்தது.

"நெட்டு கம்பெனிக்காரன் ஏமாத்துதான், கேஸ் குடுக்கணும்" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகள் அழவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகன் என்னைக் கூப்பிட்டான். நான் வழக்கம்போலச் சிட்அவுட்டில் போய் உட்கார்ந்தேன். அதே அழி ஓரத்து நாற்காலிதான். வேறு நாற்காலி அன்று அங்கே இல்லை. பேசிக்கொண்டிருந்தபோது மகள் வந்து வாசலில் நின்றாள். பத்து நிமிடம் நின்றிருப்பாள். அண்ணன் முகம் அசைவதையும் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கணக்கு டீச்சர் அல்லவா. போனை வைத்ததும் கேட்டாள்.

"அம்மா, ஒன் போனு இங்க நிக்காதா?"

"இல்ல மக்கா."

"ஏன்?"

சொன்னேன். கடைக்காரி சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எப்பம் தெரியும் ஒனக்கு?"

"ரெண்டு மூணு மாசமா."

"சித்தப்பாட்ட சொன்னியா?"

"அன்னைக்கு காலைலயே சொன்னேன். கேலி பண்ணிட்டாரு."

"எங்கிட்ட சொன்னியா?"

நான் போனை முந்தானையால் துடைத்தேன்.

"சாயா எடுக்கட்டான்னு ஒரு சத்தம் கேட்டுது," என்றாள். "அப்பம் ஒன் கையில இந்த போனு இருந்துதா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவிய முன்னால பேச வெக்கமா இருந்துதா அம்மா?" என்று மட்டும், வகுப்பில் சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஜூனில் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, விடுதியோடு அங்கே போய்விட்டாள். வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். வீடியோவில் இல்லை, சாதாரணக் கால்தான். சாப்பிட்டாயா, மருந்து தின்றாயா. இரண்டு நிமிடம். முகம் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் வாய் வரவில்லை.

போன மாதம் கொழுந்தன் வந்தார். அவருடைய மகள் நர்சு வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறாள். "மைனி, பிள்ளைட்ட பேசும்போ படம் நிக்குது. அன்னைக்கு நாலுல நிறுத்துறதுன்னு என்னமோ சொன்னியளே, அது எப்பிடி?" என்று கேட்டார். போனை வாங்கினேன். அவருடைய போனில் வழி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, ஆனாலும் கண்டுபிடித்தேன். புள்ளியை மாற்றி வைத்துக் கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கொள்ளாமே, நல்லாருக்கே!" என்று சொல்லி மகளைக் கூப்பிட்டுச் சிட்அவுட்டிலிருந்தே சத்தமாகப் பேசிச் சிரித்தார். அன்றைக்கு ஏன் என் பேச்சை எடுக்கவில்லை என்று இப்போதாவது கேட்டுவிடலாம், வேறு யாரும் இல்லையே என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் போன் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால், கடைக்காரி சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்தித் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாமன் மூன்று தடவை கேட்டார் என்று எழுதியிருக்கிறேன். நான் எழுந்து போனது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என்றுதான் என் நினைவு. மூன்றாவதுக்குப் பிறகு என்றால், நான் கொடுத்திருந்தாலும் அவன் எடுத்திருக்க மாட்டான், வண்டி போயிருக்கும். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மகள் கதவுக்குப் பின்னால் இருந்து எல்லாம் கேட்டவள். அவள் இதை ஒரு தடவை வாசித்து, எது முதலில், எது பிறகு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலும் போதும்.